திருமணச் சான்றிதழில் எது திருமண நாள்?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி மகளின் திருமணப் பதிவுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மனைவியை அழைத்துக்கொள்ள I-130 என்ற படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். "சார், இதில் மூன்று தேதி இருக்கிறது. எதைப் போடுவது?" என்று கேட்டாள். பலருக்கும் வரும் சந்தேகம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓர் உதாரணம். 2023 ஜூன் 8 அன்று திருச்செந்தூரில் தாலி கட்டினார்கள். ஆகஸ்ட் 28 அன்று பாளையங்கோட்டையில் பதிவு செய்தார்கள். பிறகு ஒரு நாள் நகல் வாங்கினார்கள். படிவம் கேட்கும் திருமண நாள் ஜூன் 8. இந்துத் திருமணச் சட்டப்படி சடங்கு முடிந்தபோதே திருமணம் ஆகிவிட்டது. பதிவு அதற்குச் சாட்சி மட்டுமே. ஊரும் அப்படித்தான்: திருச்செந்தூர் என்று எழுத வேண்டும், பாளையங்கோட்டை அல்ல. சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் முன்னிலையிலேயே மணம் முடித்தவர்களுக்கு அந்த நாளே திருமண நாள்.

இரண்டு மாத வித்தியாசம்தானே என்று நினைக்காதீர்கள். மனைவி அமெரிக்காவில் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு வருடம் முடிந்திருந்தால் IR1. பத்து வருட அட்டை கிடைக்கும். முடியாவிட்டால் CR1, இரண்டு வருட அட்டைதான். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் I-751 போட்டு, இல்லறத்தை மறுபடி நிரூபிக்க வேண்டும். அந்தப் பெண் 2025 ஜூலை 3 அன்று போய் இறங்குகிறாள் என்று வையுங்கள். ஜூன் 8-லிருந்து எண்ணினால் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ஆகஸ்ட் 28-லிருந்து எண்ணினால் தாண்டவில்லை.

தேதியை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். நாம் 8.6.2023 என்கிறோம். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள்: 06/08/2023. நம் வழக்கப்படி 08/06/2023 என்று போட்டால் ஆகஸ்ட் 6 ஆகிவிடும். சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். அதில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், குழப்பமே வராது.

அடுத்து பெயர். சான்றிதழில் 'க. மீனா', பாஸ்போர்ட்டில் 'மீனா கண்ணன்' என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்பது அங்குள்ள அதிகாரிக்குத் தானாகத் தெரியாது. முதலெழுத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எனவே பதிவு செய்யப் போகும்போதே இருவரின் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பவர்கள் இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.