நூறு இருந்தும் முழுசு இல்லை

கோயம்புத்தூரில் ஒரு குறுக்குச் சந்து. பழைய புத்தகக் கடை. முன்பக்கம் பாடநூல்கள், பின்பக்கம் விளையாட்டுப் பெட்டிகள். கோடை விடுமுறைக்கு முன் வீடுகளை ஒழிப்பவர்கள் கொண்டுவந்து போட்டவை அவை. ஒரு பெட்டியை விற்க வைக்குமுன் கடைக்கார அம்மா அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுகிறார். என்ன விளையாட்டு, எத்தனை பேர் ஆடலாம், எந்த வயது, எத்தனை காய், எது இல்லை என்று ஐந்து வரி. ஐந்தாவது வரி எழுதத்தான் நேரம் ஆகிறது.

முதலில் ஒரு ஸ்கிராபிள். உதவிக்கு இருக்கும் பையன் காய்களை மேஜையில் கொட்டி, பத்துப் பத்தாக வரிசை கட்டுகிறான். பத்து வரிசை சரியாக வருகிறது.

“நூறுங்க்கா. முழுசு.”

அவர் பேனாவைத் தொடவில்லை. பெட்டிக்குள்ளிருந்த விதிமுறைத் தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளுகிறார். “நூறு இருக்குது. எந்த நூறு?”

இந்த விளையாட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்கு உண்டு. இதை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களில் அமெரிக்க நாளிதழ்ப் பக்கங்களில் எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பார்த்து அளவை முடிவு செய்தவர். அதனால்தான் ‘ஈ’ 12 இருக்கிறது, ‘க்யூ’ ஒன்றே ஒன்று. ‘எஸ்’ நான்குதான். ஒன்றும் எழுதாத பிளாங்க் காய் இரண்டு. அதை எந்த எழுத்தாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், மதிப்பெண் மட்டும் கிடையாது.

பையன் வரிசையைக் கலைத்து எழுத்துவாரியாகப் பிரிக்கிறான். பக்கவாட்டில் கிடக்கும் ‘என்’ ஒன்றை ‘இஸட்’ என்று எடுத்துவைத்துவிட்டு, மூலையிலுள்ள எண்ணைப் பார்த்துத் திருத்துகிறான். ‘இஸட்’டுக்குப் பத்து, ‘என்’னுக்கு ஒன்று. ‘ஏ’ ஒன்பது, ‘ஓ’ எட்டு என்று தாளோடு ஒத்துப்போகிறது. ‘எஸ்’ வரும்போது கை நிற்கிறது. ஐந்து இருக்கிறது. கடைசியில் பிளாங்க் ஒன்றுதான்.

ஒரு காய் தொலைந்திருக்கிறது. வேறு பெட்டியின் காய் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. எண்ணிக்கை இரண்டையும் மறைத்துவிட்டது. காய்களின் மதிப்பெண்களைக் கூட்டியிருந்தாலும் இது பிடிபட்டிருக்கும். முழுப் பெட்டியில் 187 வரவேண்டும், இதில் 188 வரும்.

பையனுக்கு உடனே ஒரு யோசனை. “அதிகமா இருக்கற எஸ்ஸைத் திருப்பிப் போட்டா பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்குது? அதையே பிளாங்க்குன்னு வெச்சுக்கலாங்க்கா.”

ஐந்து ‘எஸ்’ காய்களையும் அம்மா வெளிச்சத்தில் பார்க்கிறார். ஒன்று மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. அதை மற்ற காய்களோடு துணிப்பையில் போட்டுக் குலுக்கி, “பார்க்காம அதை மட்டும் எடு” என்கிறார். அவன் கை உள்ளே துழாவுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே காயோடு வெளியே வருகிறது. அது மற்றவற்றைவிடத் தடிமன்.

“உனக்குத் தெரிஞ்சா ஆடறவங்களுக்கும் தெரியும்.”

அந்த ‘எஸ்’ தனி டப்பாவுக்குப் போகிறது. அந்த டப்பாவில் இதுபோல் பெட்டி தெரியாத காய்கள் நிறைய. சீட்டில் எழுதுகிறார்: ‘ஸ்கிராபிள். 2 முதல் 4 பேர். 10 வயது முதல். காய் 99. பிளாங்க் 1 இல்லை. ஸ்டாண்ட் 3.’

ஸ்டாண்ட் மூன்று என்பதால் மூன்று பேர்தானே ஆடலாம் என்கிறான் பையன். அவர் ஒரு அட்டையை இரண்டாக மடித்து மேஜையில் நிறுத்திக் காட்டுகிறார். நான்காவது ஸ்டாண்ட் தயார். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற பொருளுக்குப் பதில் எதையும் வைக்கலாம். பைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் எடுப்பதற்குத்தான் மாற்று கிடையாது.

அடுத்து வந்த லூடோவில் இதையே அவன் சொல்லாமல் செய்கிறான். 16 காயில் பச்சை ஒன்று இல்லை. சட்டைப் பட்டன் ஒன்றைத் தேடிப் போட்டு, ‘2 முதல் 4 பேர்’ என்பதை அப்படியே விடுகிறான். வயது வரியில் மட்டும் அம்மா குறுக்கிடுகிறார். பட்டன் பச்சைக் காயைவிடச் சின்னது. ‘3 வயதுக்குக் கீழ் வேண்டாம்’ என்று சேர்க்கச் சொல்கிறார். ஸ்கிராபிளுக்குப் போட்ட பத்து வயது, குழந்தைக்குச் சொல் தெரிய வேண்டும் என்பதற்கு. இந்த மூன்று வயது, வாயில் போட்டுவிடக் கூடாது என்பதற்கு.

மூன்றாவது பெட்டி ஜிக்சா. மூடியில் 1000 துண்டு என்று இருக்கிறது. ஒத்துப் பார்க்கப் பட்டியல் கிடையாது; ஒவ்வொரு துண்டும் வேறு. எண்ணினாலும் பயன் குறைவு. ‘1000’ என்று விற்கும் பல பெட்டிகளில் துண்டுகள் சரியாக ஆயிரம் இருக்காது. முழுப் படத்தையும் அடுக்கிப் பார்க்கக் கடையில் யாருக்கு நேரம்?

அம்மா ஓரத் துண்டுகளை மட்டும் பொறுக்கச் சொல்கிறார். ஒரு பக்கம் நேராக வெட்டுப்பட்டவை. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் இருவரும் சட்டத்தை மட்டும் கட்டுகிறார்கள். நான்கு மூலையும் கிடைத்து, சட்டம் இடைவெளி இல்லாமல் மூடுகிறது. நீளத்தில் 38 துண்டு, அகலத்தில் 27. பையன் கைப்பேசியில் பெருக்குகிறான். 1026. மூடியில் போட்டதைவிட 26 கூடுதல்.

சட்டத்தை நீக்கினால் உள்ளே 36-க்கு 25. அதாவது 900 துண்டு இருக்க வேண்டும். மீதியை நூறு நூறாகக் கிண்ணங்களில் எண்ணிப் போடுகிறான். ஒட்டிக்கொண்டிருக்கும் இரட்டைத் துண்டுகளைப் பிரித்துவிடச் சொல்கிறார் அம்மா. இல்லாவிட்டால் இரண்டு ஒன்றாகிவிடும். எட்டுக் கிண்ணம் நிறைகிறது. ஒன்பதாவதில் 98.

மறுபடி எண்ணுகிறான். 98தான்.

குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம்போல் வெட்டிய ஜிக்சாவுக்குத்தான் இந்தக் கணக்கு. கோணல்மாணலாக வெட்டியவற்றுக்கு உதவாது. அவற்றின் சீட்டில் அம்மா ‘முழுசு’ என்று எழுதுவதில்லை, ‘சரிபார்க்கவில்லை’ என்றுதான் எழுதுகிறார். அலமாரியில் அப்படிச் சில பெட்டிகள் இருக்கின்றன. விலை பாதி.

இதற்கு எழுதுகிறார்: ‘1026-இல் 1024. ஓரம் முழுசு. உள்ளே 2 இல்லை.’

“ஆயிரம்னு போட்டிருக்குது, அதுக்கு மேலயே இருக்குது. ரெண்டு இல்லைன்னு எதுக்குங்க்கா எழுதறது?” என்கிறான் பையன்.

“படத்துல ரெண்டு ஓட்டை விழுமே, அது மூடியில போட்ட கணக்கையா பார்க்கும்?”

சாயங்காலம் ஒருவர் வந்து அந்தப் பெட்டியை எடுத்து, சீட்டை இரண்டு தடவை படிக்கிறார். “எந்த இடத்துல இல்லீங்க?”

“அது அடுக்கினாத்தான் தெரியுமுங்க.”

மூடியில் ஏரி, வீடு, மேலே பாதிக்கு மேல் வானம். வானத்தில் விரலை வைத்துப் பார்க்கிறார் அவர். அங்கே விழுந்திருந்தால் பரவாயில்லை என்று தனக்குள் கணக்குப் போடுவதுபோல் இருக்கிறது. இருபது ரூபாய் குறைக்கச் சொல்கிறார். அம்மா பத்து குறைக்கிறார். பணம் கைமாறியதும், “இனிமே இது ரெண்டுக்கு மேல குறைஞ்சுதுன்னா உங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில தேடுங்க” என்கிறார்.