நான்கு முயற்சிகள்

என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தி, படிப்பு முடிந்ததும் காரைக்குடியில் ஆதார் பதிவு மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அது 2022ஆம் ஆண்டு. முதல் வாரம் முழுவதும் அவள் எழுதிய நாட்குறிப்பை, பெயர் சொல்லாமல் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறாள். தன் மன உளைச்சல் எதையும் அவள் அதில் எழுதவில்லை. கருவிகளையும் அவற்றின் முன் வந்து நின்ற கைகளையும் பற்றித்தான் எழுதியிருக்கிறாள். பெண்களின் உழைப்பு குறித்து வகுப்பில் நான் சொல்லித் தந்ததைவிட அந்தப் பக்கங்களில் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

முதல் நாள் குறிப்பில் மேசையில் உள்ள பொருள்களின் பட்டியல் இருக்கிறது: மடிக்கணினி, கேமரா, நான்கு விரல்களை ஒருசேர வைக்கும் கைரேகைக் கருவி, இருகண் குழல்போல இருக்கும் கருவிழிக் கருவி, வந்திருப்பவர் தன் விவரங்களைப் பார்த்துச் சரிசொல்ல அவர் பக்கம் திருப்பி வைத்த இன்னொரு திரை. பதிவு செய்வதைத் திரையும் ஊழியர்களும் ‘கேப்சர்’ என்றே சொல்கிறார்கள். “பிடிப்பது என்று எழுதினால் திருடனைப் பிடிப்பதுபோல இருக்கிறது, அதனால் பதிவது என்று எழுதுகிறேன்” என்கிறாள்.

அன்றே பெயரெழுத்தும் படித்திருக்கிறாள். ஆங்கிலத்தில் அடித்த பெயரை மென்பொருள் தானே தமிழாக்கிக் காட்டும். ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே எழுத்துதான் என்பதால், வள்ளியம்மை வல்லியம்மை ஆகிவிடக்கூடும். எழுத்தறியாதவருக்கு எதிரே திரை இருந்தும் பயனில்லை. அதனால் அவள் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துக் கேட்கத் தொடங்கினாள்.

இரண்டாம் நாள் விரல்கள். முதலில் இடக்கையின் நான்கு விரல்கள், பிறகு வலக்கையின் நான்கு, கடைசியில் இரண்டு கட்டைவிரல்கள் சேர்த்து. உட்கார்ந்து வைப்பதைவிட நின்றுகொண்டு வைத்தால் விரல் கண்ணாடியில் சமமாகப் படியும். கண்ணாடியின் கீழிருந்து ஒளி வருகிறது. ரேகையின் மேடு கண்ணாடியைத் தொடும் இடமும், பள்ளத்தில் காற்று இருக்கும் இடமும் வேறுவேறாகத் தெரிவதால்தான் படம் விழுகிறது. மேடு தேய்ந்திருந்தாலோ தோல் காய்ந்திருந்தாலோ கோடு தொடர்ச்சியாக விழாது, புள்ளிகளாக உடைந்துவிடும். அழுத்தம் அதிகம், அழுத்தம் குறைவு, ஈரம் அதிகம், வறட்சி அதிகம், விரலின் நடுப்பகுதி பதியவில்லை என்று திரை காரணம் சொல்லும். ஈரமென்றால் உலர்ந்த துணி, வறட்சியென்றால் ஈரத்துணி. ஒவ்வொருவருக்கும் பிறகு கண்ணாடியைத் துடைக்க வேண்டும். நேர் வெயில் அதன்மேல் விழக் கூடாது.

மூன்றாம் நாள் ஆத்தங்குடிப் பக்கமிருந்து ஒரு மூதாட்டி வந்தார். கண்ணாடிப் பலகைமேல் சாயக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற தரைக்கல் பட்டறையில் மணல் சுமந்தும் கலவை குழைத்தும் வந்தவர். நனைந்த சிமெண்டின் காரம் தோலை அரிக்கும், மணல் ரேகையைத் தேய்க்கும். ரேஷன் கடையில் விரல் பொருந்தவில்லை என்று சொல்லி, பழைய பதிவைப் புதுப்பித்து வரச் சொல்லியிருந்தார்கள்.

இடக்கை நான்கு விரல்: வறட்சி அதிகம். ஈரத்துணியால் துடைத்து ஒரு நிமிடம் விட்டாள். இரண்டாம் முறை: அழுத்தம் குறைவு. “நல்லா அழுத்துங்க அப்பத்தா” என்றதும், மூன்றாம் முறை அழுத்தம் அதிகம். பாத்திரம் தேய்க்கிற வேகத்தில் அழுத்திவிட்டார். நான்காம் முறை அவருடைய கையின் மேல் தன் கையை லேசாக வைத்தாள். நடுவிரலும் மோதிரவிரலும் ஓரளவு விழுந்தன, மற்றவை மங்கல். நான்கு முயற்சிகளுக்குப் பிறகு, அவற்றில் சிறந்ததை வைத்துக்கொண்டு மென்பொருள் அடுத்த கட்டத்துக்குப் போக விடும்.

“என் வெரலு எங்க தாயி போச்சு?” என்று அவர் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறாள். தான் என்ன பதில் சொன்னாள் என்று எழுதவில்லை.

அடுத்தது கருவிழி. புகைப்படத்துக்குப் போட்ட மேசை விளக்கை அணைக்க வேண்டும், அதன் ஒளி கண்ணில் பிரதிபலிக்கக் கூடாது. கண்ணை அகலத் திறந்து நேராகப் பார்க்கச் சொன்னாள். இரண்டும் முதல் முறையிலேயே பதிந்தன. சிமெண்டு கண்மணியைத் தேய்க்கவில்லை.

அன்று பக்கத்து மேசையில் இருந்தவர், “இப்படி வந்தா விலக்குப் போட்டுரு” என்று சொல்லியிருக்கிறார். அவள் கையேட்டை எடுத்துப் படித்தாள். விலக்கு என்பது விரலே இல்லாதவருக்கும், கட்டுப் போட்டிருப்பவர்போலப் பதியவே இயலாதவருக்கும் உரியது. முகமும் இரு கைகளும் தெரியப் படம் எடுத்து அதற்கென்று பதிய வேண்டும். தேய்ந்த விரல் இல்லாத விரலாகாது. விலக்குப் போட்டால் அந்த விரல் பதிவிலேயே இருக்காது. மங்கலாக இருந்தாலும் பதிந்தால், பத்தில் ஏதோ ஒன்று நாளை கடையில் பொருந்தக்கூடும். அதனால் அந்த அப்பத்தாவிடம், “கட்டைவிரலையே வைக்காதீங்க, நடுவெரல வச்சுப் பாக்கச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பினாள். பத்து விரலில் எதையும் வைக்கலாம் என்பது கடைக்குப் போகிற பலருக்கும் தெரியாது.

நான்காம் நாள் காலையில் அவளுடைய விரலே பொருந்தவில்லை. ஒவ்வொரு பதிவையும் ஊழியர் தன் ரேகை வைத்துத்தான் முடிக்க வேண்டும். அன்று வீட்டில் விருந்தாளிகள், பாத்திரம் முழுவதையும் கழுவிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ஊறிச் சுருங்கிய விரலில் ரேகை மாறித் தெரிந்தது. அரைமணி நேரம் கழித்துச் சரியானது. “அப்பத்தாவுக்கு ஐம்பது வருஷம், எனக்கு ஒரு காலை” என்ற ஒரே வரியோடு அந்தப் பக்கம் முடிகிறது.

இந்தியாவில் ஆதார் எண் முதன்முதலாக 2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்ப்ளி கிராமத்தில் ரஞ்சனா சோனவானே என்ற பெண்ணுக்குத்தான் வழங்கப்பட்டது. உழைக்கும் ஏழைப் பெண்ணின் முகத்தோடு தொடங்கிய திட்டத்தின் கருவி, உழைத்துத் தேய்ந்த விரலைத் ‘தரம் குறைவு’ என்கிறது. திரை சொல்வது படத்தின் தரத்தை. எதிரே நிற்கிற பெண் அதைத் தன் தரமாகக் கேட்டுக்கொள்கிறாள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை என்று என் மாணவி மூன்றாம் நாளே முடிவுசெய்துவிட்டாள். “இன்னொரு தடவை வைப்போம் அப்பத்தா” என்பதுதான் அவள் வாக்கியம்.

ஐந்தாம் நாள் குறிப்பு கைப்பேசி எண் பற்றியது. ரேகை பொருந்தாதபோது ஆதாரில் பதிந்த எண்ணுக்குக் கடவுச்சொல் அனுப்பிச் சரிபார்க்க வழியுண்டு. அன்று வந்த பெண்களில் பாதிப்பேர் பதிவில் இருந்தது கணவர் எண் அல்லது மகன் எண். ஒருவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அம்மா இங்கே கடை வாசலில் நிற்க, கடவுச்சொல் அங்கே அவருடைய வேலை நேரத்தில் போய் விழுகிறது. அவர் எடுத்துப் படித்துத் திரும்பக் கூப்பிடுவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. அந்த எண்ணை மாற்றவும் மையத்துக்கு வந்து விரலோ கண்ணோ வைக்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து அவள் கேள்வியை மாற்றிக்கொண்டாள். “போன் நம்பர் சொல்லுங்க” என்றால் வீட்டு ஆண்களின் எண்தான் வரும். “உங்க கையில இருக்குற போன் நம்பர் என்ன?” என்று கேட்டாள். முந்தானை முடிச்சிலிருந்தும் சுருக்குப் பையிலிருந்தும் சின்னப் பொத்தான் போன்கள் வெளியே வந்தன. தன் எண் தெரியாதவர்களின் போனிலிருந்து தன் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, திரையில் வந்த எண்ணை ஒரு தாளில் எழுதி அவர்களிடமே கொடுத்தாள். எண்ணை மாற்றுவதா வேண்டாமா என்பதை அவர்களே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். வாரக் கடைசியில் கணக்கெழுதியிருக்கிறாள்: கேட்டவர்கள் பதினொருவர், மாற்றியவர்கள் ஏழு பேர். மற்ற நான்கு பேர் வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.