மூக்கோரத்து வெள்ளை

தங்கை கல்யாணத்துக்கு 18 நாள் இருந்தது. கன்னத்தில் பரு விட்டுப்போன கறுப்புத் தடங்கள் அதற்குள் மறைய வேண்டும் என்று ஆன்லைனில் கிளைகாலிக் ஆசிட் பீல் ஒன்று வாங்கினேன். 10 சதவீதமும் இருந்தது, 30 சதவீதமும் இருந்தது. நாள் குறைவு என்று 30-ஐ எடுத்தேன்.

முதல் தடவை ஒரு நிமிடம் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒரு நிமிடத்தில் லேசாகக் குறுகுறுத்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. வேலை செய்யவில்லை போலிருக்கிறது என்று கழுவாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது நிமிடம் எரிச்சல் வந்தது. எரிந்தால்தான் பலன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நான்காவது நிமிடம் கண்ணாடியைப் பார்த்தேன். மூக்கோரத்திலும் மேலுதட்டின் மேலும் தோல் வெளுத்திருந்தது. கிரீம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன். வெளுத்திருந்தது என் தோல்தான். குழாயைத் திறந்து பத்து நிமிடம் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த இடங்கள் பழுப்பாகிப் பொருக்குத் தட்டின. பொருக்கு உதிர்ந்த இடத்தில், போக்க நினைத்த தடங்களைவிடக் கறுப்பாக ஒரு பட்டை.

தோல் மருத்துவர் பாட்டிலைப் பார்க்கும் முன் கேட்டது இரண்டே கேள்வி. "ராத்திரி பருவுக்கு ஏதாவது போடுறீங்களா? த்ரெடிங் எப்போ பண்ணீங்க?" தினமும் அடாபலீன் போட்டுக்கொண்டிருந்தேன். மேலுதட்டில் த்ரெடிங் செய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டுமே தோலின் மேலடுக்கைப் பலவீனமாக்கும், அங்கே ஆசிட் சட்டென்று ஆழம் போய்விடும் என்றார். கழுவும்வரை இந்த ஆசிட் தானாக நிற்காது. நம்மைப் போன்ற மாநிறத் தோல் புண்பட்டால் பெரும்பாலும் கறுத்துத்தான் ஆறும். அந்தப் பட்டை மங்க எட்டு மாதம் ஆனது. அதுவும் தினமும் சன்ஸ்கிரீன் போட்டு. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அது இருக்கிறது.

இப்போது 10 சதவீதம்தான் வைத்திருக்கிறேன், பி.எச். 3.5-க்குக் குறையாதது. முதலில் காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்த்தேன். ராத்திரியில்தான் போடுவேன், வாரம் ஒரு தடவை, ஒரு நிமிடம். மூக்கோரத்திலும் உதட்டோரத்திலும் முன்கூட்டியே வாசலைன் பூசிவிடுவேன். அடாபலீனை அதற்கு ஐந்து நாள் முன்பே நிறுத்திவிடுகிறேன்.

போன மாதம் தங்கை வந்திருந்தாள். "அக்கா, எனக்கும் கொஞ்சம் போட்டு விடேன்" என்றாள். டைமரை எடுப்பதற்கு முன்னால் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறாயா? உதட்டோரம் அடிக்கடி நீர்க்கொப்புளம் வருமா? எக்ஸிமா இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

"கடைசியா எப்போ த்ரெடிங் பண்ணின?"

"நேத்து."

பாட்டிலை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன்.