அப்புச்சியும் ஆரஞ்சு வரிசையும்

இந்த அக்னி நட்சத்திரத்துல ஊர்ல யாரும் பகல் பதினொரு மணிக்கு மேல காட்டுல நிக்கறதில்லை. குச்சிக்கிழங்குக்குத் தண்ணி காலையிலேயே கட்டியாச்சு. மாட்டுக்குத் தீவனம் போட்டாச்சு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் திண்ணைதான். லீவுக்கு வந்த பேத்தியும் பேரனும் ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. சிங்கப்பூர்ல இருக்கற சொந்தக்காரர் கொடுத்த மோனோபோலி. லண்டன் தெருப் பெயர் போட்ட பலகை.

எனக்கு இது புதுசில்லைங்க. எங்க காலத்துல 'டிரேட்', 'பிசினஸ்'னு பம்பாய், கல்கத்தா பேர் போட்ட அட்டை ராசிபுரத்துக் கடையிலேயே கிடைக்கும். அப்ப நாங்க ஆடினதெல்லாம் வெறும் அதிர்ஷ்டம். யாருக்கு பம்பாய் கிடைக்குதோ அவன் பெரிய ஆளு, அவ்வளவுதான். அந்தப் புத்தியோடதான் இந்த வருஷமும் உக்கார்ந்தேன்.

நாலு பேர். நான், பத்தாவது முடிச்ச பேத்தி, ஏழாவது போற பேரன், நாமக்கல்ல லாரி வச்சிருக்கற என் மச்சினன். ஆளுக்கு 1500 பவுண்டு. முதல் ஆட்டத்துல நான் குறி வச்சது மேஃபேரும் பார்க் லேனும். பலகையிலேயே விலை கூடின ரெண்டு இடம், ஒண்ணு 400, இன்னொண்ணு 350. ரெண்டும் என் கைக்கே வந்துச்சு. மீசையைத் தடவிக்கிட்டேன். ஆனா கையில மிச்சம் 140. அங்க ஒரு வீடு கட்ட 200 ஆகும். நிலம் இருக்கு, கிணறு வெட்டக் காசில்லை, அந்தக் கதைதான். செட்டு முழுசா கையில இருந்தா வெறும் நிலத்துக்கு இரட்டை வாடகை உண்டு. அதுவே மேஃபேருக்கு 100, பார்க் லேனுக்கு 70 மட்டும்.

பேத்தி வாங்கினது வெளிர்நீல வரிசை. மூணு தெருவும் சேர்த்து 320 பவுண்டு. 'சில்லறைக் காடு'ன்னு நான் சிரிச்சேன். அங்க ஒரு வீட்டுக்கு 50தான். இன்னொரு 750 போட்டு மூணு தெருவுலயும் ஓட்டல் கட்டிட்டா. அதாவது என் வெறும் நிலத்துக்கு ஆன அதே 750. கொஞ்ச நேரத்துல நான் பென்டன்வில் ரோட்டுல போய் விழுந்தேன். வாடகை 600. அதோட என் ஆட்டம் முடிஞ்சுது.

"அப்புச்சி, நீங்க நிலத்தோட விலையப் பாத்தீங்க. கட்டி முடிக்க எவ்வளவு ஆகும்னு பாக்கலீங்க"ன்னா. பதினஞ்சு வயசுப் பிள்ளை சொல்லி நான் கேட்டுக்கிட்டேன்.

ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் சீட்டு எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வச்சுப் பார்த்தோம். ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு வீட்டுக்கு வாடகை எவ்வளவு, ரெண்டுக்கு எவ்வளவுன்னு வரிசையா போட்டிருக்கு. ஆரஞ்சு வரிசையில போ ஸ்ட்ரீட்டை எடுத்துக்குங்க. ஒரு வீட்டுக்கு 70, ரெண்டுக்கு 200, மூணுக்கு 550, நாலுக்கு 750, ஓட்டலுக்கு 950. ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்க போடறது அதே 100தான். ஆனா மூணாவது வீடு மட்டும் 350 கூட்டிக் கொடுக்குது. நாலாவது 200தான். மத்த வரிசையிலயும் பெரும்பாலும் மூணாவதுலதான் அந்தத் துள்ளல். அதனால கட்டினா மூணு வரைக்கும் கட்டணும், அது வந்ததும் மூச்சு விடணும். ரெண்டோட நிக்கறது பூ எடுத்த பயிருக்குத் தண்ணி நிறுத்தற மாதிரி. உங்க வீட்டுப் பெட்டியில வேற ஊர்ப் பேரும் வேற விலையும் இருக்கலாம். சீட்டுல துள்ளல் எங்க வருதுன்னு மட்டும் பார்த்துக்குங்க.

அடுத்தது, எந்த வரிசை? பேத்தி சிலேட்டு எடுத்துக் கணக்குப் போட்டா. பலகையில ஆள் அதிகமா உக்கார்ற இடம் ஜெயில். 'ஜெயிலுக்குப் போ' கட்டம், சீட்டு, மூணு தடவை இரட்டை விழறது, எல்லா வழியும் அங்கதான் கொண்டு விடுது. அங்கிருந்து வெளிய வர்றவனுக்கு ஆரஞ்சு மூணும் ஆறு, எட்டு, ஒம்பது கட்டம் தள்ளி இருக்கு. ரெண்டு தாயக்கட்டை உருட்டினா 36 விதமா விழலாம். அதுல ஆறு அஞ்சு விதம், எட்டு அஞ்சு விதம், ஒம்பது நாலு விதம். ஆக 14. ஜெயிலை விட்டு வர்ற அஞ்சு பேர்ல ரெண்டு பேர் முதல் உருட்டுலேயே ஆரஞ்சுல வந்து விழறான். மேஃபேரும் பார்க் லேனும் ரெண்டே கட்டம், அதுவும் 'ஜெயிலுக்குப் போ' கட்டத்தைத் தாண்டி. அங்க வர வேண்டியவன் பாதி வழியிலேயே ஜெயிலுக்குப் போயிடறான். ரோட்டுல கடை போடாம மேட்டாங்காட்டுல கடை போட்ட கதை.

ரெண்டாவது ஆட்டத்துக்கு வர்றேன். எல்லா இடமும் வித்துப் போச்சு, ஒருத்தர்கிட்டயும் முழு செட்டு இல்லை. நாலு பேர் ஆடினா பெரும்பாலும் இப்படித்தான் நிக்கும். அதுக்கப்புறம் வெறும் சுத்துதான், யாராவது ஒருத்தர் மாத்திக்கிட்டாத்தான் ஆட்டம் நகரும். என்கிட்ட ஆரஞ்சுல போ ஸ்ட்ரீட், வைன் ஸ்ட்ரீட். கூட பார்க் லேன், வெளிர்நீலத்துல ஏஞ்சல், ஒரு ஸ்டேஷன், காசு 720. மச்சினன்கிட்ட மூணாவது ஆரஞ்சான மார்ல்பரோ ஸ்ட்ரீட், மேஃபேர், ரெண்டு ஸ்டேஷன், காசு 560.

இங்க என் சொந்தக் கதை ஒண்ணு சொல்லணும். எங்க கிணத்துக்கும் கிழக்கு வயலுக்கும் நடுவுல பங்காளியோட நிலம் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கு. அவன் காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவுல என் நிலம் கொஞ்சம். பரிவர்த்தனைப் பத்திரம் போட்டு மாத்திக்கலாம்னு அவன் பன்னெண்டு வருஷமா கேக்கறான். ரோட்டு முகப்பு கிடைச்சா அவனுக்குத்தானே லாபம் கூடன்னு நான் தலையாட்டாம இருக்கேன். கிழக்கு வயலுக்கு இன்னும் ஓஸ் பைப்பைச் சுத்திக் கொண்டு போய்த்தான் தண்ணி கட்டறேன்.

திண்ணையிலயும் அதே புத்திதான் முதல்ல வந்துச்சு. பார்க் லேனைக் கொடுத்தா மச்சினனுக்கு பலகையிலேயே பெரிய செட்டு அமைஞ்சிருமே? பேத்திகிட்ட கேக்க முடியாது, அவளும் எதிராளி. நானே யோசிச்சேன். அவனுக்கு என்ன கிடைக்குதுங்கறது பாதிக் கேள்வி. கிடைச்ச மறு நிமிஷம் அவனால என்ன கட்ட முடியும்கறதுதான் மீதி.

"மாப்ளே, பார்க் லேன் தர்றேன். மார்ல்பரோவும் 180ம் கொடு"ன்னேன்.

"நெசமாவா மாமா?"ன்னு அவன் சிரிச்ச சிரிப்பைப் பார்க்கணும். விலை வித்தியாசமே 170, பத்துப் பவுண்டு சேர்த்துக் கேட்டதை அவன் பொருட்படுத்தலை. பேரன், "அப்புச்சி ஏமாந்துட்டாங்க"ன்னு கத்தினான். பேத்தி மட்டும் மொகத்தைச் சுளிச்சா. ரெண்டு பேர் மாத்திக்கிட்டா நஷ்டம் மாத்திக்காத மத்த ரெண்டு பேருக்குன்னு அவளுக்குத் தெரியும். ஏஞ்சலுக்கு 300 தர்றேன்னு உடனே கேட்டா. அவகிட்ட வெளிர்நீலத்துல ரெண்டு இருக்கு. விலை மூணு மடங்குதான், ஆனாலும் மாட்டேன்னுட்டேன். கம்மி காசுல கட்டி முடிக்கற செட்டை, கையில காசு இருக்கறவங்களுக்கு எந்த விலைக்கும் தரக் கூடாது.

இப்ப என் கையில 900. மச்சினன்கிட்ட 380. அவன் உடனே மேஃபேர்ல ஒரு வீடு வச்சான், மிச்சம் 180. அடுத்த வீட்டுக்கு வழியில்லை. எனக்கு ஒம்பது வீட்டுக்குச் சரியா காசு இருக்கு. ஆனா மொத்தத்தையும் போட்டுட்டா? என் காய் ரீஜென்ட் ஸ்ட்ரீட்ல நிக்குது, மேஃபேர் அங்கிருந்து எட்டு கட்டம். விழுந்தா 200 வாடகை. காசில்லைன்னா கட்டின வீட்டைப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுக்கணும், 200க்கு நாலு வீடு போயிரும். அதனால எட்டு வீடு கட்டி 100 நிறுத்திக்கிட்டேன். ஏஞ்சலையும் ஸ்டேஷனையும் அடமானம் வச்சா இன்னொரு 150 வரும். மேஃபேரைத் தாங்கிக்கலாம்.

எட்டு வீடுன்னா மூணு, மூணு, ரெண்டு. எந்தத் தெருவுக்கு ரெண்டு? என் முறை திரும்பி வர்றதுக்குள்ள உருட்டப் போற ரெண்டு பேர் எங்க நிக்கறாங்கன்னு பார்த்தேன். மச்சினன் ஜெயில்ல. பேரன் அதுக்கு ரெண்டு கட்டம் தள்ளி எலக்ட்ரிக் கம்பெனியில. பேரனுக்கு நாலு விழுந்தா போ ஸ்ட்ரீட், ஆறு மார்ல்பரோ, ஏழு வைன். ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கூட்டினா போ ஸ்ட்ரீட்டுக்கு எட்டு விதம், மத்த ரெண்டுக்கும் பத்துப் பத்து. போ ஸ்ட்ரீட்டுக்கு ரெண்டு வச்சேன். பேத்தி ஒண்ணும் சொல்லாம என் காய் வச்ச இடத்தையே பார்த்துக்கிட்டிருந்தா.

பேரனுக்கு ஒம்பது விழுந்துச்சு. ஆரஞ்சைத் தாண்டி ஸ்ட்ராண்டுக்குப் போயிட்டான். எனக்கு வயித்துல புளி கரைச்சுது. மச்சினன் ஜெயிலை விட்டு வர 50 கட்ட மாட்டேன்னுட்டான். அதுவும் சரிதான். இடமெல்லாம் வித்தப்புறம் ஜெயில்ல இருந்துக்கிட்டே வாடகை வாங்கறதுதான் சுகம், வெளிய வந்தாத்தான் செலவு. உருட்டினான். நாலும் நாலும். இரட்டை விழுந்தா வெளிய வந்தே ஆகணும். எட்டு கட்டம், நேரா மார்ல்பரோ.

550. அவன் கையில 180. மேஃபேர் வீட்டைத் திருப்பிக் கொடுத்து 100, ரெண்டு ஸ்டேஷன் அடமானம் 200, பத்தலை. வீடு போயிட்டதால பார்க் லேனையும் அடமானம் வைக்கலாம், அதுல 175. எல்லாம் கட்டினது போக 105 மிஞ்சுச்சு. நான் அதுல 100 எடுத்து போ ஸ்ட்ரீட்டுக்கு மூணாவது வீடு வச்சுட்டு நிறுத்திக்கிட்டேன்.

பின்னாடி வீடு நாலு நாலா ஆனப்பவும் ஓட்டல் வாங்கலை. பெட்டியில மொத்தமே 32 வீடுதான். ஓட்டல் வாங்கினா நாலு வீடு திரும்பிப் போய் அடுத்தவனுக்குக் கிடைக்கும். பன்னெண்டு வீட்டை நான் பிடிச்சு வச்சதுல பேரனால சிவப்புல மூணாவது வீடு கட்ட முடியாமப் போச்சு. அதுக்கு அவன் ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

இந்த ஆட்டத்தோட மூலத்தை லிஸி மேகின்னு ஒரு அமெரிக்கப் பெண்மணி உருவாக்கி 1904ல காப்புரிமை வாங்கினாங்களாம். நிலம் வச்சிருக்கறவன் சும்மா உக்கார்ந்துக்கிட்டே மத்தவங்களை எப்படி ஒட்டாண்டி ஆக்கறான்னு காட்டத்தான் அதைச் செஞ்சாங்க. 1935ல பார்க்கர் பிரதர்ஸ் அதை மோனோபோலின்னு வித்தப்ப ஒட்டாண்டி ஆக்கறதே விளையாட்டாயிருச்சு. பேத்தி இதைச் சொன்னப்ப மச்சினன், "அது எனக்கு இன்னைக்கே தெரிஞ்சு போச்சு அம்மிணி"ன்னான்.

பங்காளி நேத்து வந்திருந்தான், மாட்டுக்கு வைக்கோல் கேட்டு. ரோட்டு முகப்பு கிடைச்சா என்னடா பண்ணுவேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "இப்போதைக்கு ஒண்ணுமில்லைண்ணா, வண்டி திருப்ப எடம் வேணும், அவ்வளவுதான்"ன்னான். கிழக்கு வயலுக்குக் கிணத்துலிருந்து நேரா பைப் போட எத்தனை அடின்னு சாயங்காலம் கயிறு பிடிச்சு அளந்து வச்சிருக்கேன். மச்சினன் ஆடிப் பதினெட்டுக்கு வர்றானாம். பார்க் லேனை யாரும் தனக்கு விக்கக் கூடாதுன்னு இப்பவே போன்ல சொல்லிட்டான்.