யானை விரட்டிய விவசாயி

எங்கள் வகுப்புச் சுவர்ப் பத்திரிகைக்கு நான் எழுதிய முதல் செய்தித் தலைப்பு இது: “யானை விரட்டிய விவசாயி காயம்”. நான்கே சொற்கள். தடித்த பேனாவால் எழுதி ஒட்டிவிட்டு, அன்றிரவே வாப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். வாப்பா வில்கமுவையில் கடை வைத்திருக்கிறார். வஸ்கமுவ தேசியப் பூங்கா பக்கத்தில் என்பதால் அங்கே வயலுக்குள் யானை வருவது புதினமில்லை. காயப்பட்டவர் எங்கள் கடைக்கு நாள்தோறும் வரும் ஒருவர். விடியற்காலையில் வயல் காவலிலிருந்து திரும்பும்போது யானை துரத்த, ஓடி வாய்க்காலுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார்.

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவரெங்க மகள் யானைய வெரட்டின? யானதான் அவர வெரட்டின. இப்படி எழுதினா, மனுசன் சும்மா போன யானையோட சேட்ட விட்டு அடி வாங்கின மாதிரியெல்லோ இருக்கு” என்றார்.

நான் எழுதியதும் யானைதான் அவரை விரட்டியது என்ற கருத்தில்தான். ஆனால் வாப்பா வாசித்ததும் பிழையில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் தமிழ் டீச்சரிடம் காட்டினேன். நான் முதலில் சந்தேகப்பட்டது “காயம்” என்ற சொல்லில்தான். “காயமடைந்தார்” என்று வினைமுற்றோடு முடிக்காததுதான் பிழையோ என்று நினைத்தேன். டீச்சர் சிரித்தார். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் இன்றைக்கும் “பலி”, “கைது”, “காயம்”, “நியமனம்” என்று பெயரோடு தலைப்பை முடிக்கின்றன. வாசிப்பவர் எவரும் தடுமாறுவதில்லை. விட்ட வினை எதுவென்று எல்லோருக்கும் தெரியும், அது ஒன்றேதான் இருக்க முடியும். பெயரே பயனிலையாக நிற்பது தமிழுக்குப் புதிதும் இல்லை. “இவர் ஆசிரியை” என்பதில் வினை எங்கே இருக்கிறது?

பிழை “யானை”யில் இருந்தது. அங்கே ஓர் “ஐ” போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். இரண்டாம் வேற்றுமை உருபை அஃறிணைப் பெயரில் விட்டுவிடுவது நமக்குப் பழக்கம். “தேங்காய் பறித்த நானா” என்றால் தேங்காயைப் பறித்தவர் நானா என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். தேங்காய் யாரையும் பறிக்காது. மனிதர் பெயரில் அந்த “ஐ”யை இலேசில் விட மாட்டோம். அதனால் “அதிபர் பாராட்டிய மாணவி” என்று படத்துக்குக் கீழே எழுதினால், பாராட்டியவர் அதிபர்தான். யானை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது அஃறிணை, ஆகவே “ஐ” விழலாம். ஆனால் தேங்காயைப் போலச் சும்மா இருக்காது, அதுவும் விரட்டும். அப்போது யார் யாரை விரட்டினார் என்று சொல்ல அந்தத் தலைப்பில் ஒன்றுமே மிச்சமில்லை.

ஆங்கில டீச்சரும் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலத் தலைப்பில் விழுவது ‘அ’, ‘த’ என்னும் சின்னச் சொற்களும், ‘இஸ்’, ‘வர்’ போன்ற துணை வினைகளும்தானாம். ‘டூ ஃபாமர்ஸ் ஹர்ட்’ என்றால் போதும். ஆனால் அமெரிக்கப் பத்திரிகைகளின் தலைப்புத் தவறுகளைத் தொகுத்து 1980இல் ஒரு புத்தகமே வந்ததாம். அதன் பெயரே அப்படியொரு தலைப்பு: ‘ஸ்குவாட் ஹெல்ப்ஸ் டோக் பைட் விக்டிம்’. நாய் கடித்தவருக்குப் படையினர் உதவினர் என்பது சொல்ல வந்தது. ‘டோக்’குக்கு முன்னால் ஓர் ‘அ’ இல்லாததால், கடிக்கும்படி நாய்க்கே உதவினர் என்றும் வாசிக்கலாம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

திருத்த உட்கார்ந்தால் அதுவும் இலேசில்லை. “விவசாயியை விரட்டிய யானை: கால் முறிவு” என்று எழுதினேன். யானைக்கா கால் முறிந்தது என்று தோழி கேட்டாள். “யானை விரட்ட ஓடிய விவசாயி காயம்” என்றேன். யானையை விரட்டுவதற்காக ஓடியவர் என்றும் வருகிறதே! “யானை தாக்கி விவசாயி காயம்” என்றால் தெளிவுதான், ஆனால் பொய். யானை அவரைத் தொடவேயில்லை. கடைசியில், “யானைக்குப் பயந்தோடிய விவசாயி காயம்”. “காயம்” அப்படியே இருந்தது. “கு” என்ற ஓர் எழுத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கீழே படத்துக்கு “மிதிபட்ட நெல் வயல், வில்கமுவ” என்று மட்டும் எழுதினேன். வினை இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. பெயர்ப்பலகை மாதிரி நிற்பதால் டீச்சர் அதைத் தொடவில்லை. ஆனால் செய்திக்குள்ளே நான் “விவசாயி வைத்தியசாலையில் அனுமதி.” என்று எழுதியிருந்ததைச் சிவப்பால் கோடிட்டார். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை, “அனுமதிக்கப்பட்டார்” என்றே எழுத வேண்டும்.

பழைய தலைப்பின் மேல் புதியதை ஒட்டினேன். அன்றிரவு வாப்பாவுக்கு மறுபடி வாசித்தேன். “ம், இது சரி. நாளைக்கு அவர் மகன் கடைக்கு வருவார், சிங்களத்தில சொல்லிக்காட்டுறன்” என்றார்.