நிழலின் விளிம்பை யார் வரைவது?

"ஷேடர் போட்டாச்சு அண்ணா. ஆனா பாத்தா கையால வரைஞ்ச மாதிரி இல்லையே, ஏன்?" எங்க அனிமேஷன் கிளப்புல இந்தக் கேள்வி வராத செமஸ்டர் கிடையாது. கேக்குறவங்க எல்லாருமே டுட்டோரியல்ல சொன்னபடி சரியாத்தான் செஞ்சிருப்பாங்க. நிழல் ரெண்டு கலரா வெட்டியிருக்கும், கேரக்டரைச் சுத்திக் கறுப்புக் கோடு இருக்கும். ஆனாலும் திரையில நிக்கிறது கறுப்பு பார்டர் போட்ட பிளாஸ்டிக் பொம்மை மாதிரிதான் இருக்கும். நீங்களும் ஒரு தடவை முயற்சி செஞ்சு பாத்து இதே இடத்துல நின்னிருக்கலாம். அந்த 'ஏன்'-க்கு எனக்குத் தெரிஞ்ச பதிலை இங்க எழுதுறேன்.

முதல்ல டூன் ஷேடிங்கின் அடிப்படையைப் பாத்துடுவோம். ஒரு பரப்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு சொல்ற அம்புக்குறிதான் நார்மல். அதுக்கும் வெளிச்சம் இருக்கும் திசைக்கும் டாட் புராடக்ட் எடுத்தா, நேருக்கு நேர் இருக்கும்போது 1, பக்கவாட்டில் 0, முதுகு காட்டினா -1. சாதாரண 3டி படத்துல இந்த எண் அப்படியே படிப்படியான வெளிச்சமா மாறும். டூன் ஷேடிங்ல அதை ஒரு இடத்துல வெட்டிடுறோம்.

```
float h   = dot(N, L) * 0.5 + 0.5;
float lit = step(1.0 - vcol.r, h);
vec3 col  = mix(base * tint, base, lit);
```

முதல் வரி -1 முதல் 1 வரை இருக்கும் எண்ணை 0 முதல் 1-க்குள் கொண்டுவருது. ரெண்டாவது வரி வெட்டு. `vcol.r` என்பது மெஷ்ஷின் ஒவ்வொரு முனையிலும் நாமே பூசி வைக்கும் ஒரு எண். அது என்னத்துக்குன்னு கொஞ்சம் பின்னாடி சொல்றேன். இப்போதைக்கு 0.5-னு வச்சுக்கோங்க. மூணாவது வரியில் நிழல் பகுதியை `tint` நிறத்தால பெருக்குறோம். இங்க சாம்பல் நிறம் வச்சா தோல் அழுக்கா தெரியும். தோலுக்குக் கொஞ்சம் சிவப்பு, வெள்ளைச் சட்டைக்குக் கொஞ்சம் நீலம்னு பொருளுக்கு ஏத்த மாதிரி வைக்கணும்.

அடுத்தது கோடு. கேம்கள்ல அதிகமா பயன்படுற வழி ரொம்ப எளிமையான ஒரு தந்திரம். அதே மெஷ்ஷை ரெண்டாவது தடவை வரையுறோம். ஆனா ஒவ்வொரு முனையையும் அதன் நார்மல் திசையில கொஞ்சம் வெளியே தள்ளி, முழுக்கக் கறுப்பு பூசி, கேமராவைப் பாக்குற பக்கங்களை நீக்கிட்டு முதுகுப் பக்கங்களை மட்டும் காட்டுறோம். கேரக்டருக்குப் பின்னாடி கொஞ்சம் பெரிய கறுப்பு ஓடு ஒண்ணு நிக்கும். அதோட விளிம்பு மட்டும் வெளியே எட்டிப் பாக்கும். அதுதான் நம்ம அவுட்லைன். பிளெண்டர்ல `Solidify` மாடிஃபையரைப் போட்டு, அதுல `Flip Normals` டிக் செஞ்சு, கறுப்பு மெட்டீரியலுக்கு `Backface Culling` ஆன் பண்ணா இதே வேலை நடக்கும்.

இதுல முதல்ல உடையிற இடம் கூர்மையான மூலைகள். ஒரு பெட்டியை எடுத்துக்கோங்க. கண்ணுக்கு 8 மூலை. ஆனா ஒவ்வொரு மூலையிலும் மூணு பக்கம் சேருது, மூணுக்கும் தனித்தனி நார்மல். அதனால கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போறது 24 முனைகள். அவுட்லைனுக்காக வெளியே தள்ளும்போது ஒரே மூலையில இருக்கும் மூணு முனையும் மூணு திசையில பிரிஞ்சு போகும். ஓடு கிழிஞ்சு, மூலைகள்ல கோடு விட்டுப்போகும். பெல்ட் பக்கிள், காலர் நுனி, ஷூ அடிப்பாகம் இங்கெல்லாம் கோடு அறுந்து தெரிஞ்சா காரணம் பெரும்பாலும் இதுதான். தீர்வு: ஒரே இடத்துல இருக்கும் முனைகளின் நார்மல்களைச் சராசரி எடுத்து, அதை இன்னொரு யூவி சேனல்லயோ டேன்ஜென்ட்லயோ சேமிச்சு வச்சு, அவுட்லைனுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தணும். ஷேடிங்குக்குப் பழைய நார்மலே இருக்கட்டும்.

இதெல்லாம் சரியா இருந்தும் பொம்மை பொம்மையாவே நிக்குதுன்னா, இனிமேதான் விஷயமே இருக்கு. இதுக்கு நல்ல உதாரணம் 2014-ல் ஆர்க் சிஸ்டம் வொர்க்ஸ் வெளியிட்ட 'கில்டி கியர் எக்ஸ்ஆர்டி' என்ற ஜப்பானிய சண்டை கேம். அன்ரியல் எஞ்சின் 3-ல் செஞ்ச முழு 3டி கேம் அது. ஆனா கேமரா சுத்துற வரைக்கும் 2டி-ன்னுதான் நினைப்போம். அதை எப்படிச் செஞ்சாங்கன்னு அந்தக் குழுவின் ஜுன்யா மோட்டோமுரா 2015 ஜிடிசி மாநாட்டுல விரிவா பேசினார். நான் அதைப் பாக்கும்போது ஏதோ ரகசிய ஷேடர் வெளிய வரப்போகுதுன்னு காத்திருந்தேன். வந்ததோ வேற. ஷேடர் மேல சொன்ன அதே வெட்டு, கோடு அதே கறுப்பு ஓடு. வித்தியாசம் முழுக்க மெஷ்ஷுக்குள்ள கையால போட்ட தகவல்ல இருந்துச்சு.

முகத்தை வச்சு இதைப் பாப்போம். உங்க கேரக்டரோட முகத்தைச் சுத்தி வெளிச்சத்தை மெதுவா நகர்த்துங்க. சாதாரண ஷேடிங்ல மூக்குப் பக்கமும் வாய் ஓரமும் இருக்கும் சின்னச் சின்ன மேடு பள்ளம் மென்மையா கலந்துடும். ஆனா ரெண்டே கலர்னு வெட்டினதும் ஒவ்வொரு சின்னப் பிழையும் ஒரு கறுத்த தீவா வெளிய வந்துடும். கன்னத்துல முக்கோணத் திட்டு, வாய் ஓரம் மீசை மாதிரி ஒரு கறை, நெத்தியில ரம்பப் பல் மாதிரி விளிம்பு. நிறைய பேர் இந்த இடத்துல வெளிச்சத்தை மாத்துவாங்க, இல்லன்னா `step`-ஐ `smoothstep` ஆக்கி விளிம்பை மங்கலாக்குவாங்க. கறை மங்குமே தவிர போகாது. பாலிகன் கூட்டினா இன்னும் மோசம், தீவுகளும் கூடும்.

யோசிச்சுப் பாருங்க, கணிப்பொறி இங்க எந்தத் தப்பும் செய்யல. அந்த வடிவத்துக்கு அந்த வெளிச்சத்துல நிழல் உண்மையிலேயே அங்கதான் விழும். ஆனா வரையிறவர் அப்படி வரையமாட்டார். கன்னத்துக்கு ஒரு வளைவு, மூக்கடியில ஒரு சின்ன முக்கோணம், தாடைக்குக் கீழ ஒரு பட்டைன்னு மூணு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து மத்ததை விட்டுடுவார். அப்போ நாமும் தேர்ந்தெடுக்கணும். தேர்ந்தெடுக்குறதுக்கான கருவி நார்மல்தான். நார்மல் வடிவத்துல இருந்து கணக்காகி வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. அதை நம்ம இஷ்டத்துக்குத் திருப்பலாம். வடிவம் அப்படியே இருக்கும், நிழல் மட்டும் மாறும்.

கில்டி கியர்ல கலைஞர்கள் இந்த நார்மல்களைக் கையாலயே திருத்தினாங்க. நம்ம அளவுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கு. முகத்தைச் சுத்தி முட்டை மாதிரி வழவழப்பான ஒரு எளிய மெஷ் செஞ்சுக்கோங்க. பிளெண்டர்ல முகத்துக்கு `Data Transfer` மாடிஃபையர் போட்டு, அந்த முட்டையை சோர்ஸா வச்சு, `Face Corner Data` கீழ `Custom Normals` எடுத்துக்கோங்க. இப்ப முகத்தோட ஒவ்வொரு முனையும் முட்டையோட நார்மலைக் கடன் வாங்கிடும். வெளிச்சத்தை மறுபடி நகர்த்தினா கன்னத்துல தீவு கிடையாது, ஒரே சுத்தமான வளைவு நகரும். முட்டைய மூஞ்சிக்கு ஏத்த மாதிரி நசுக்கினா வளைவும் கூட மாறும். அதாவது நிழலின் விளிம்பை இப்ப நீங்க வரையிறீங்க.

ஆனா முட்டைக்குத் தாடையும் கிடையாது, மூக்கும் கிடையாது. எப்பவும் நிழலாவே இருக்க வேண்டிய இடங்களும் இதுல காணாமப் போயிடும். அதுக்குத்தான் அந்த `vcol.r`. தாடைக்கு அடியில இருக்கும் முனைகளுக்கு 0 பூசினா வெட்டு 1.0-க்கு ஏறிடும், வெளிச்சம் எங்க இருந்தாலும் அங்க ஏறக்குறைய எப்பவும் நிழல்தான். 0.3 பூசினா வெட்டு 0.7, சீக்கிரம் நிழலுக்குள்ள போற இடம். அக்குள், முடிக்கு அடியில இருக்கும் நெத்தி, காலருக்கு உள்பக்கம் இதுக்கெல்லாம் இந்த அளவு பொருந்தும். கில்டி கியரும் இதே மாதிரி வெர்டெக்ஸ் கலரைப் பயன்படுத்துச்சு. இன்னொரு சேனல்ல அவுட்லைன் தடிமனையும் வச்சாங்க. அதனாலதான் அதுல கோடு ஒரே கனமா ஓடாம, பேனாவை அழுத்தி எடுத்த மாதிரி தடிச்சு மெலிஞ்சு போகும். கன்னத்துல கோடு தடிச்சு தாடை நுனியில மெலிஞ்சாலே பிளாஸ்டிக் உணர்வு பாதி போயிடும்.

வெளிச்சமும் அப்படித்தான். அந்த கேம்ல மேடையில விளக்கு எங்க இருக்குன்னு கேரக்டருக்குக் கவலையே இல்லை. ஒவ்வொரு கேரக்டருக்கும் தனி வெளிச்சம். போஸுக்கு ஏத்தபடி அதைத் திருப்பி வைப்பாங்க. நடுவுல தானா நிரம்புற அசைவையும் அணைச்சுட்டு, ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்கு நேரா தாவ விட்டாங்க. வழவழன்னு நகர்ந்தா என்ன ஷேடர் போட்டாலும் கண்ணு 3டி-ன்னு கண்டுபிடிச்சுடும்.

கறுப்பு ஓட்டுக்கும் ஒரு எல்லை இருக்கு. உருவத்தோட வெளி விளிம்பும், ஒண்ணு மேல ஒண்ணு மறைக்குற இடமும் மட்டும்தான் அதுல வரும். சட்டை மடிப்பு, தசைக் கோடு, பாக்கெட் தையல் வராது. அதையெல்லாம் டெக்ஸ்சர்ல வரையணும். சாய்வா வரைஞ்சா கேமரா கிட்ட போகும்போது பிக்சல் படிக்கட்டு தெரியும். அதனால கில்டி கியர்ல யூவி-யையே நேராக்கி, எல்லாக் கோடும் டெக்ஸ்சர்ல படுக்கையாவோ செங்குத்தாவோ ஓடுற மாதிரி வச்சாங்க. வளைவு வேணுமா, அதை மெஷ்ஷின் பாலிகன்கள் வளைஞ்சு கொடுக்கும். கோடு எவ்வளவு கிட்ட போனாலும் கூர்மையா இருக்கும்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. நார்மல் திருத்தம், வெர்டெக்ஸ் கலர், நேராக்கின யூவி, போஸுக்கு ஒரு வெளிச்சம் எல்லாமே கைவேலை. ஒரு ஷேடர் ஃபைலை டவுன்லோட் பண்ணா இதுல எதுவும் கூட வராது, ஏன்னா இதெல்லாம் உங்க மெஷ்ஷுக்குள்ள இருக்கணும். அதனால உங்க கேரக்டர் படத்துல ரெண்டே ஷாட்ல வருதுன்னா, பேசாம 2டி-ல வரைஞ்சுடுங்க, நேரம் மிச்சம். நூறு போஸ்ல வரப்போகுது, கேமராவும் சுத்தப் போகுதுன்னா 3டி-ல இறங்குங்க. இறங்கினா முதல் வாரத்தை முகத்துக்கே ஒதுக்குங்க. அவுட்லைனை அணைச்சுட்டு, வெளிச்சத்தை ஒரு முழுச் சுத்து சுத்தி விட்டு, நிழல் போற வழியெல்லாம் பாருங்க. எந்த இடத்துல நிறுத்தினாலும் அந்த நிழலை நீங்களே வரைஞ்சிருப்பீங்கன்னு தோணுச்சுன்னா, அதுக்கப்புறம் கோட்டை ஆன் பண்ணலாம்.