விளாம்பழ வரிசையில் ஒருத்தி

முப்பது வருடங்களாக மேல்வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்து இளைப்பாறிய எனக்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஐந்தாறு வரிசைகளில் நிற்க வைப்பது பெரிய காரியமன்று என்றுதான் நான் எண்ணியிருந்தேன். என் பெறாமகள் வடமராட்சியில் ஒரு சிறு பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறாள். “பெரியம்மா, வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கொண்டே ஒரு வரைபு செய்யப் போகிறேன், நீங்களும் வாருங்கோ” என்று அவள் அழைத்தபோது, வேடிக்கை பார்க்கும் எண்ணத்துடனேயே புறப்பட்டேன். ஆனி மாதம். வழிநெடுக மாமரங்களில் கறுத்தக்கொழும்பான் காய்த்துத் தொங்கிக் கொண்டிருந்தது. இந்த மாம்பழக் காலத்துக்கும் பின்னர் நடந்தவற்றுக்கும் சம்பந்தமுண்டு என்பதால் இதனைச் சொல்லி வைக்கிறேன்.

விளையாட்டு எளியது. மண்டபத்துச் சுவரில் ஆறு பழங்களின் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன: மா, வாழை, பலா, பப்பாசி, அன்னாசி, விளா. எந்தப் பழம் தனக்கு மிகவும் பிடிக்குமோ அந்தப் படத்தின் முன்னே பிள்ளை போய் நிற்க வேண்டும். ஒருவர் பின் ஒருவராக நின்றதும் ஆறு வரிசைகள் உண்டாகும். புத்தகத்தில் நாம் கோடு போட்டு நிறந்தீட்டும் சலாகை வரைபு, உயிரும் உடம்புமாக நிலத்தில் எழுந்துவிடும். அதன்பின் எல்லோருமாகச் சேர்ந்து அதை வாசிக்க வேண்டும்.

அன்று வகுப்பில் 26 பேர் இருந்தார்கள். ஒரு பையன் வரவில்லை. “பிடித்த பழத்துக்கு ஓடுங்கள்” என்று என் பெறாமகள் சொல்லி முடிக்குமுன், வகுப்பில் உயரமான பையனொருவன் மாம்பழத்தின் முன் போய் நின்றான். பின்னர் நடந்தது ஓர் ஊர்வலம்! எண்ணிப் பார்த்தோம், 17 பேர் மாம்பழத்தில். அவனுடைய கூட்டாளிகள் அவனுக்குப் பின்னாலும், அவர்களுடைய கூட்டாளிகள் அவர்களுக்குப் பின்னாலும் நின்றார்கள். நாங்கள் அளந்தது பழ விருப்பத்தையன்று, சிநேகத்தை.

“எல்லாரும் இருங்கோ” என்றாள் அவள். ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்தாள். பக்கத்திலிருப்பவருக்குக் காட்டாமல், தனக்கு மிகப் பிடித்த ஒரே ஒரு பழத்தின் படத்தைக் கீறி மடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். இரண்டு பழம் கீறலாமா என்று ஒருத்தி கேட்டாள். கூடாது, இரண்டு கீறினால் அவள் இரண்டு வரிசைகளில் நிற்க வேண்டி வரும், மொத்தத்தைக் கூட்டினால் வகுப்பில் இல்லாத ஒரு பிள்ளை கணக்கில் முளைத்துவிடும். கடதாசிகளை அவள் ஒருமுறை வாங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். மா 9, வாழை 7, பலா 5, பப்பாசி 4, விளா 1. அன்னாசிக்கு ஒருவருமில்லை.

மறுபடியும் வரிசைகள் எழுந்தன. இம்முறை வேறொரு தொல்லை. மாம்பழக்காரர் ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு நெருங்கி நின்றார்கள். வாழைப்பழத்துப் பெண்பிள்ளைகளோ காலைப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல, முன்னிருப்பவரின் தோளுக்குக் கைநீட்டி, அழகாக இடைவெளி விட்டு நின்றார்கள். போதாக்குறைக்கு அவர்களுடைய வரிசை தூணுக்கு அப்பாலிருந்து தொடங்கியது. “எங்கட வரிசைதான் நீளம், நாங்கள்தான் கூட!” என்று ஆரவாரம் எழுந்தது. கண்ணுக்குத் தெரிந்த அளவில் அது பொய்யுமன்று. ஏழு பேரின் வரிசை ஒன்பது பேரின் வரிசையைவிட ஒரு பாகம் நீண்டுதான் இருந்தது.

நான் வெண்கட்டியை எடுத்தேன். சுவரோரமாக ஒரு நேர்கோடு கீறினேன். எல்லா வரிசையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு பழத்துக்கும் ஒன்றரை அடிச் சதுரங்களாகப் பத்துப் பெட்டிகள். ஒரு பெட்டிக்கு ஒரு பிள்ளை. இடையில் வெறும் பெட்டி விடக்கூடாது. குனிந்து 60 பெட்டி கீறி நிமிர்வதற்குள் என் இடுப்பு எனக்கு வயதை நினைவூட்டியது. ஆனால் பிள்ளைகள் ஏறி நின்றதும் மாம்பழ வரிசை வாழையைத் தாண்டி இரண்டு பெட்டி நீண்டது. எத்தனையோ வருடங்களாக, சலாகைகளின் அகலம் சமமாக இருக்க வேண்டும், அடிக்கோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். ஏன் அப்படி என்று என்னிடம் எந்த மாணவனும் கேட்டதில்லை. இங்கே எட்டு வயதுப் பிள்ளைகள் சண்டை பிடித்தே அதைக் கண்டுகொண்டார்கள்.

ஆட்களை நிறுத்தி வரைபு செய்வது புதியதன்று. அமெரிக்காவில் கனெக்டிகட் விவசாயக் கல்லூரியிலிருந்த பிளேக்ஸ்லி என்னும் தாவரவியலறிஞர், அங்குள்ள இளைஞர் 175 பேரை உயரவாரியாக வரிசைகளில் நிறுத்திப் படமெடுத்து 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். நடுவில் நீண்டும் இரு ஓரங்களில் குறுகியும் அந்த வரிசைகள் அமைந்திருந்தன. ஆனால் அங்கே வரிசைகளை இடம் மாற்ற முடியாது. குட்டையிலிருந்து நெட்டைக்குத்தான் போக வேண்டும். பழங்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை. பலாவை மாவின் இடத்தில் வைத்தாலும் செய்தி ஒன்றே.

இனி, நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். வரிசைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். மாம்பழத்தில் 10, விளாம்பழத்தில் வெறும் பெட்டி. கடதாசிக் கணக்கோ 9, 1. கணிதக்காரியின் புத்தி உடனே வெளிப்பட்டது. “யாரோ இடம் மாறி நிற்கிறார்கள், யார் அது?” என்று உரத்துக் கேட்டுவிட்டேன். பதிலில்லை. மாம்பழ வரிசையின் கடைசியில் நின்ற ஒல்லியான சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. ஆறு வரிசைக்கு நடுவே, தன்னந்தனியாக ஒரு பெட்டியில் நிற்க அந்தப் பிள்ளையால் முடியவில்லை. முதல்முறை 17 பேர் ஏன் மாம்பழத்துக்கு ஓடினார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று.

என் பெறாமகள் என்னைப் பார்க்கவேயில்லை. “எல்லாரும் கடதாசியை விரிச்சு நெஞ்சோடை பிடியுங்கோ. கடதாசி சொல்லுற இடத்தில நில்லுங்கோ” என்றாள். பின்பு தானே போய் விளாம்பழ வரிசைக்குப் பக்கத்தில், பெட்டிக்கு வெளியே நின்று கொண்டாள். சிறுமி வந்து தன் பெட்டியில் ஏறினாள். “டீச்சர், நீங்களும் விளாம்பழமோ?” என்று ஒருவன் கேட்டான். “நான் கணக்கில் இல்லை, பெட்டிக்கு வெளியிலல்லோ நிக்கிறன்” என்றாள் அவள். வெறுமையாகக் கிடந்த அன்னாசி வரிசையை அழித்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாமென்றாள். அழித்துவிட்டால், அன்னாசியைப் பற்றிக் கேட்டோமா இல்லையா என்பதே பார்க்கிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

பிறகு வாசிப்புத் தொடங்கியது. “வாழையைவிட மாம்பழத்துக்கு எத்தனை பேர் கூட?” என்ற கேள்விக்குப் பலர் “ஒன்பது” என்றார்கள். ‘கூட’ என்ற சொல் காதில் விழுந்ததும் பெரிய எண்ணைச் சொல்லிவிடுவது இந்த வயதின் வழக்கம். விளக்கஞ் சொல்லாமல், இரு வரிசையையும் அடிக்கோட்டிலிருந்து சோடி சோடியாகக் கைகோக்கச் செய்தாள். ஏழு சோடி சேர்ந்தன. மாம்பழத்தின் கடைசி இருவர் கைகோக்க ஆளின்றி விழித்தார்கள். “ரெண்டு!” என்று மண்டபமே கூவியது.

வரைபுக்குள் நிற்பவருக்கு வரைபு தெரிவதில்லை. முன்னால் நிற்பவரின் பின்னந்தலைதான் தெரியும். ஆகவே ஆளுக்கொரு செருப்பைப் பெட்டியில் விட்டுவிட்டு மேடையில் ஏறிப் பார்க்கச் சொன்னாள். “இவன்ரை செருப்புப் பெரிசு, ரெண்டாய் எண்ணுறதோ?” என்ற நியாயமான சந்தேகமொன்று எழுந்து, பெட்டிதான் கணக்கு, செருப்பன்று என்று தீர்ப்பாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பழம் வாங்க அவளிடம் சிறிது பணம் இருந்தது. “மாம்பழம்தான் வென்றது, மாம்பழமே வாங்குவோம்” என்று பையன்கள் குதித்தார்கள். எங்கள் பாடநூல்கள் மிகுதியாய் வருவதனை ஆகாரம் என்று சொல்லும். பழக் கணக்குக்கு அது பொருத்தமான பெயர்தான். ஆனால் மேடையின் ஓரத்திலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது: “டீச்சர், மாம்பழம் எண்டு சொல்லாத ஆக்கள்தானே கூட?” விளாம்பழச் சிறுமி! எண்ணிப் பார்த்தார்கள். ஏழும் ஐந்தும் நான்கும் ஒன்றும் 17. ஆம், எல்லா வரிசையிலும் நீளமானது மாம்பழம்; ஆயினும் வகுப்பில் பாதிப்பேர்கூட அதில் நிற்கவில்லை. அதற்காக அந்த 17 பேருக்கும் மாம்பழம் பிடிக்காதென்று சொல்லவும் முடியாது. மிகப் பிடித்தது எது என்றுதானே கேட்டோம்? இதே கேள்வியை மாம்பழம் இல்லாத மார்கழியில் கேட்டால் வரிசைகள் எப்படி இருக்குமோ! மாவும் வாழையும் வாங்குவதென்று முடிவாயிற்று. 26 பேரில் 16 பேர் கேட்டது கிடைத்தது. அடுத்த கிழமை என் வளவு விளாமரத்துப் பழங்கள் நாலைந்தைச் சர்க்கரையோடு நான் கொடுத்தனுப்பினேன். அது கணக்கில் சேராது.

திங்கட்கிழமை, செருப்புகளுக்குப் பதிலாகப் பெட்டிக் கடதாசியில் நிறந்தீட்டிய வரைபு வகுப்புச் சுவரில் தொங்கியதாம். கீழே திகதியும், ‘26 பேர், ஒருவர் வரவில்லை’ என்பதும் எழுதியிருந்தன. அன்று வந்து சேர்ந்த பையன் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “என்ரை பெட்டி எங்கை?” என்று கேட்டான். அவனுக்கும் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தார்கள். அவன் கீறியது அன்னாசி. 26ஐ வெட்டி 27 என்று எழுதும்போது, விளாம்பழச் சிறுமி எழுந்து வந்து, அன்னாசியின் முதற் பெட்டிக்குத் தானே மஞ்சள் தீட்டினாளாம்.